மறுப்புக்கும் ஒரு காரணம் வேண்டும்

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலோ சுங்கைப்பட்டாணியிலோ, நேர்முகத் தேர்வில் எல்லாருக்கும் பிடித்துப்போன தோட்டத்துப் பிள்ளைக்கு வேலை இல்லை என்று எழுதும் முதலாளி, முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பாராட்டு முந்தினால் வேலை கிடைத்ததாகவே படிப்பவர் நினைப்பார். அடுத்து, வேலையோடு ஒட்டிய ஒரே காரணம்: 'இயந்திரம் நின்றால் எதை முதலில் சோதிப்பீர்கள் என்றதற்கு வரிசையாகப் பதில் வரவில்லை, அதைப் பழகுங்கள்.' காரணம் எழுதினால் வம்பு வரும் என்பார்கள். கேள்வியும் பதிலும் குறிப்பில் இருந்தால் அந்தப் பயம் பெரிதல்ல. 'பொருத்தமில்லை' என்ற மொட்டைப் பதில்தான் இனமா, மொழியா என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறது. 'மீண்டும் விண்ணப்பியுங்கள்' என்றால் எந்த வேலைக்கு, எப்போது என்றும் சொல்லுங்கள். தேவை முடிந்த விவரங்களை வைத்திருக்க 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால், அந்த அடுத்த வேலைக்காக விண்ணப்பத்தைக் கோப்பில் வைக்க அவரிடமே சம்மதம் கேளுங்கள்.