லென்ஸ் அணிந்த கண்ணில் வலியா? காத்திருக்கக் கூடாது!

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதை இது.

கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணின் மீதே ஒட்டி அணியும் "காண்டாக்ட் லென்ஸ்" போட்டிருந்தாள் ஒரு கல்லூரி மாணவி. ஒரு நாள் இரவு அதைக் கழற்றாமல் தூங்கிவிட்டாள்.

காலையில் வலது கண் சிவந்திருந்தது. மணல் விழுந்தது போல் உறுத்தியது. லென்சைக் கழற்றினாள், உறுத்தல் நிற்கவில்லை. "சாதாரண கண்வலிதான். இரண்டு நாளில் போய்விடும்" என்றார் தாயார். தம்பிக்கு எப்போதோ வாங்கிய சொட்டு மருந்தை விட்டார்.

மாலையில் கண் குத்தி வலித்தது. விளக்கைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி! எதிரே நின்றவர் முகம் பனிமூட்டத்தில் தெரிவது போல் இருந்தது.

அது கண்வலி அல்ல. கருவிழியில் வந்த புண்.

புண் வருவது எப்படி?

கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. பிராணவாயுவைக் காற்றிலிருந்தே பெறுகிறது. லென்சோடு தூங்கினால், மூடிய இமையும் லென்சும் சேர்ந்து காற்றைத் தடுக்கின்றன. படலத்தின் மேல்தோல் நலிகிறது. லென்சில் ஒட்டியிருக்கும் கிருமி அங்கே நுழைகிறது.

"சூடோமோனாஸ்" என்ற கிருமி மிகப் பொல்லாதது. குழாய்த் தண்ணீரிலும், சுத்தம் செய்யாத லென்ஸ் டப்பாவிலும் இருக்கும். படலத்தையே கரைக்கும். இரண்டொரு நாளில் ஓட்டை விழுந்துவிடவும் கூடும்.

1989-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. மெல்லிய லென்சைத் தினமும் கழற்றுவோரில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 4 பேருக்குப் புண் வந்தது. இரவிலும் அணியும் வகை லென்சில் 21 பேருக்கு வந்தது.

கண்டுகொள்வது எப்படி?

சாதாரண கண்வலியில் உறுத்தலும் பீளையும் இருக்கும். பெரும்பாலும் மறு கண்ணுக்கும் பரவும். புண் வந்தால் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் கடும் வலி, வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். ஆனால் தொடக்கத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கலாம். வீட்டில் தீர்மானிக்க முடியாது.

மருத்துவர் ஒரு சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் பச்சையாக ஒளிரும். அதைச் சிறிது சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். கிருமிகொல்லி சொட்டு மருந்தை மணிக்கு ஒரு முறை, முதல் இரண்டு நாள் இரவிலும் விடச் சொல்வார். லென்சையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோனால், கிருமியைக் கண்டுபிடிக்க உதவும்.

பழைய சொட்டு மருந்தில் "ஸ்டீராய்டு" இருந்தால் சிவப்பு குறையும். உள்ளே புண் வளரும்!

கிருமி செத்தாலும் தழும்பு நிற்கும். அது ஓரத்தில் இருந்தால் மாணவி தப்பித்தாள். கருவிழியின் நடுவில் இருந்தால் பார்வை மங்கியே இருக்கும். பிறகு, இறந்தவர் தானமாகத் தந்த கருவிழியைப் பொருத்த வேண்டி வரலாம்.

லென்ஸ் அணிந்த கண் சிவந்து வலித்தால், உடனே கழற்ற வேண்டும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்பது, பார்வையைப் பணயம் வைப்பதாகும்.