பரபரப்பும் பொய்யும்

ஊர் கூட்டப் பறை அறைவது குற்றமன்று. பறை கேட்டு வந்தவர்க்குச் சொல்லச் செய்தியில்லையெனின், அது வஞ்சனை. செய்தியே பொய்யெனின், அது குற்றம். இம்மூன்றுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இன்று எழுதுவோர் பலர் மறந்துவிட்டனர்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நிகழ்ந்ததை நோக்குவோம். முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், கறியிலே கட்டியொன்று கிடந்தது. அது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்றனர் சிலர். சிங்களம் நன்கறியாத கடைக்காரர், சூழ்ந்து நின்று அதட்டியோருக்கு அஞ்சித் தலையசைத்தார். அக்காட்சி முகநூலில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது, அது வெறும் மாக்கட்டியே எனத் தெரிந்தது. அச்சுறுத்திப் பெற்ற வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கலாகாது. ஆயினும் முகநூல் மன்றம் அதை ஏற்றது.

ஏன் அவ்வளவு விரைவாகப் பரவிற்று? முகநூல் நிறுவனம் 2017 முதல், கோபக்குறி முதலிய உணர்ச்சிக் குறிகளுக்கு, சாதாரண விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு நிறை அளித்தது. கோபத்தை மூட்டிய பதிவே பலரிடம் சென்றது. 2020இலேதான் கோபக்குறியின் நிறை பூச்சியமாக்கப்பட்டது. இலங்கை வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்ததும் அவ்வாண்டிலேயே.

இது பிறர் கதையென்று நாம் வாளாவிருத்தல் தகாது. 'யாழில் பெரும் பரபரப்பு' என்னும் தலைப்பைத் திறந்தால், உள்ளே இருப்பது சிறு வாய்த்தர்க்கம். 'இதைப் பகிராதவன் தமிழனல்லன்' என்பது இன்னொரு தூண்டில். இவற்றை விடுப்போர், 'நோக்கம் நல்லது' என்பர். எல்லை நோக்கத்தில் இல்லை. எம் கட்சி சிறந்ததென்பது புகழ்ச்சி. அதைக் கேட்பவர் தாமே தள்ளுபடி செய்து கொள்வர். இத்தனை ஏக்கர் காணி பறிபோயிற்று என்பதோ சோதிக்கத்தக்க கூற்று. அதற்குச் சான்று காட்டும் கடமை சொல்பவனுடையது.

ஐந்து ஏக்கர் பறிபோனதை ஐம்பது என்றெழுதினால் என்ன விளையும்? அன்று கூட்டம் சேரும். மறுநாள் காணித் திணைக்களம் வரைபடத்தை எடுத்துக் காட்டி நாற்பத்தைந்தைப் பொய்யென நிறுவும். அதன்பின் மெய்யான ஐந்தையும் எவரும் நம்பார். உறுதியும் வரைபடமும் கையிலிருந்தும், அந்த ஐந்து ஏக்கருக்குரிய உழவன் தோற்பான். அவனைத் தோற்கடித்தவர் எதிரியல்லர், அவனுக்காகப் பேசியவரே.

ஆதலின், பரப்புமுன் மூன்று கேட்போம்: கண்டவர் யார்? ஆவணம் எது? மறுதரப்பு என்ன சொல்கிறது? விடையில்லாத செய்தி எம் கையோடு நிற்கட்டும். ஆட்பலம் குறைந்த இனத்துக்குச் சொல்லின் நாணயமே படைபலம். அதைச் சில்லறைக்கு மாற்றுவோரை நாம் மன்னிப்பதற்கில்லை.