குடவோலை: ஒரு பத்தி, ஆறு குறிப்பு, ஒரு வரி

திருப்புலிவனத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி, நோட்டில் எழுதி வைத்த ஒரு வரியைத் தாத்தாவிடம் படித்துக் காட்டுகிறாள்.

"குடவோலை முறை: சோழர் காலத் தேர்தல் முறை, உத்திரமேரூர்."

"சரிம்மா, அதுல யாரு ஓட்டுப் போட்டாங்க?" என்று கேட்கிறார் தாத்தா.

பேத்தி நோட்டைப் புரட்டுகிறாள். பதில் இல்லை. உத்திரமேரூர் பக்கத்து ஊர்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கான விடை, அவள் பாடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்த வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் அவள் எழுதியிருந்தது ஒரு பத்தி:

"முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921-ல், உத்திரமேரூர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைத் திருத்தியது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஆனால் ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் கற்று விளக்க வல்லவர் என்றால் அரைக்கால் வேலி நிலம் போதும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும், முன்பு இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் கூடாது. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் செய்தார்கள். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்."

தேர்வு நெருங்கியதும் அதையே குறிப்புகளாக்கினாள்:

- நிலம்: கால் வேலி
- வயது: 35 முதல் 70
- கல்வி: வேதம்
- சொந்த மனையில் வீடு
- கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை
- சிறுவன் ஓலை எடுப்பான். பதவி 360 நாள்

பார்வைக்கு எல்லாம் இருப்பது போலத்தான் தெரிகிறது. எண்கள் பளிச்சென்று நிற்கின்றன. மனப்பாடம் செய்வது சுலபம். பத்தியில் ஒளிந்திருந்த வயது வரம்பு, குறிப்பில் கண்ணில் படுகிறது. காணாமல் போனவை "ஆனால்", "என்றால்", "பிறகு" போன்ற சின்னச் சொற்கள்.

"ஆனால்" போனதால் என்ன ஆயிற்று? கால் வேலி என்பது இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். குறிப்பைப் படிப்பவர், அதற்குக் குறைந்த நிலம் உள்ளவருக்கு வழியே இல்லை என்று நினைப்பார். உண்மையில் கல்வி கூடினால் நிலம் பாதியாகக் குறையலாம் என்று சபை விட்டுக்கொடுத்திருந்தது. நிலம், கல்வி என்று தனித்தனி வரியில் வைத்ததும், ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யும் என்ற செய்தி இரண்டுக்கும் நடுவில் நழுவிவிட்டது.

"பிறகு" போனது அதைவிடப் பெரிய இழப்பு. சிறுவன் ஓலை எடுப்பான் என்பது தனிக் குறிப்பாக நிற்கும்போது, ஏதோ ஒரு சடங்கு போல இருக்கிறது. கல்வெட்டில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் கதை வேறு. சிறியவர் பெரியவர் அடங்கச் சபை முழுவதும் கூடியிருக்கிறது. வயதில் மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்குகிறார். விவரம் அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். பிறகு அவனே ஒரே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருகிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்ததும், அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் ஏறும்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய கைக்குள் வேறு ஓலை இருந்துவிடக் கூடாது. ஏன் பலர் படிக்க வேண்டும்? ஒருவர் மட்டும் படித்தால் பெயரை மாற்றிச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் நடக்கக்கூடிய தில்லுமுல்லுக்குப் போட்ட பூட்டு. குறிப்பில் சிறுவன் மட்டும் மிஞ்சினான், பூட்டுகள் போய்விட்டன.

அடுத்தது அந்த ஒரு வரி. அதில் நிலம், வயது, கல்வி எதுவும் இல்லை. ஒரு வரியில் அவ்வளவும் அடங்காது என்பது நியாயம்தான். ஆனால் விட்டுப்போன இடத்தை நிரப்ப வந்த "தேர்தல்" என்ற ஒரு சொல் பொருளையே திருப்பிவிட்டது. இன்று தேர்தல் என்றதும் விரலில் மையும் வாக்குப்பெட்டியும் நினைவுக்கு வரும். உத்திரமேரூரில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதி உள்ளவர்கள் யார் என்று முதலில் வடிகட்டினார்கள். பிறகு குலுக்கல் முடிவு செய்தது. அந்த ஊர் சதுர்வேதிமங்கலம், அதாவது வேதம் கற்ற பிராமணர்களின் ஊர். நிலமும் வேதமும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகவே வழி இல்லை. குறிப்புகள் செய்தியைக் குறைத்துச் சொல்லின. ஒரு வரியோ தவறாகச் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் கேட்ட தாத்தா, பத்தியிலும் ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறார்.

"கணக்குக் காட்டாதவனோட உறவினர்னு எழுதியிருக்கியே, மச்சான் அதுல சேர்த்தியா?"

ஊர்ப் பொதுப்பணத்தில் கை வைத்த விவகாரம் எந்த ஊரில் வந்தாலும் முதலில் எழும் கேள்வி அது. கல்வெட்டை வெட்டியவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால் "உறவினர்" என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், தாயின் சகோதரிகளின் மகன்கள், தாய்மாமன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மருமகன் என்று உறவு உறவாக எண்ணி எழுதி வைத்தார்கள். மச்சானும் உண்டு. அந்தப் பட்டியலை ஒரே சொல்லில் அடக்கியபோதே, பத்தியும் ஒரு பூட்டைத் திறந்துவிட்டது.

இன்னொன்றும் போயிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 919-ல், இதே சபை வெட்டிய முதல் கல்வெட்டில் வயது 30-லிருந்து 60. 921-ல் அது 35-லிருந்து 70 ஆனது. பேத்தியின் பத்தியில் "திருத்தியது" என்ற ஒரு சொல் அந்த வரலாற்றின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. குறிப்புகளில் அதுவும் இல்லை; விதி என்றைக்கும் அப்படியே இருந்தது போல ஆகிவிட்டது.

அதற்காகத் தேர்வுக்கு முதல் நாள் கல்வெட்டு முழுவதையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. பேத்தி பழைய குறிப்புகளை அடிக்கவில்லை. நிலத்தையும் கல்வியையும் ஒரே குறிப்பில் சேர்த்து, நடுவில் "ஆனால்" போடுகிறாள். ஓலை எடுக்கும் படிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுக்கிறாள். கடைசி வரியில் "தேர்தல்" என்பதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறாள்:

"குடவோலை முறை: உத்திரமேரூரில், நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்குள் ஓலை குலுக்கி வாரிய உறுப்பினரை எடுத்த முறை."

பழைய வரியை விட நீளம்தான். தாத்தா அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறார். இந்த முறை, யார் ஓட்டுப் போட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை.