விவசாயியின் சி.சி. கணக்கு

நம்மில் வங்கியில் சி.சி. லிமிட் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை மறுநாள் காலை வங்கியில் கட்டிவிடுகிறோம். சரக்கு வரும்போது திரும்ப எடுக்கிறோம். அன்றன்று நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி என்பது நமக்குத் தெரியும். ஐந்து லட்சம் லிமிட் இருக்கிறதே என்று முதல் நாளே ஐந்து லட்சத்தையும் எடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் வியாபாரியை நாம் பார்த்ததில்லை.

ஆனால் நம் கடைக்கு உரமும் மளிகையும் வாங்க வருகிற விவசாயி அதைத்தான் செய்து வருகிறார். அவரிடமும் ஒரு சி.சி. கணக்கு இருக்கிறது. அதற்குப் பெயர் கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை. 1998ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, நபார்டு வகுத்துக் கொடுத்த மாதிரித் திட்டத்தின்படி வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நடத்தி வருவது இது. பெயரில் கார்டு என்று இருப்பதால் பலர் இதை ஒரே தடவையில் வாங்கி ஒரே தடவையில் அடைக்கும் கடன் என்று நினைத்துவிட்டார்கள். விதியில் உள்ளது வேறு. பயிர்ச் செலவுக்கான பகுதி எடுக்கவும் கட்டவும் கூடிய சுழல் கணக்கு; எத்தனை முறை எடுப்பது, எத்தனை முறை கட்டுவது என்பதற்குக் கட்டுப்பாடு கூடாது என்று 2012இல் திருத்தி வெளியிட்ட திட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். எடுத்த தொகையை எப்போதுக்குள் கட்ட வேண்டும் என்பதைப் பயிரின் அறுவடைக் காலத்தையும் விற்பனைக் காலத்தையும் பார்த்து வங்கி நிர்ணயிக்கிறது; அந்தத் தவணைக்குள் கட்டுவதே முக்கிய நிபந்தனை.

லிமிட் எப்படி வருகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த மாவட்டத்தின் தொழில்நுட்பக் குழு நிர்ணயம் செய்கிறது. அதை விவசாயியின் நிலப்பரப்பால் பெருக்கிப் பயிர்ச் செலவைப் போடுகிறார்கள். அதற்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும், 20 சதவீதம் பம்புசெட், ஏர்க்கருவி போன்றவற்றைப் பழுது பார்க்கவும், அதோடு பயிர்க் காப்பீட்டுத் தொகையும் சேரும். பயிர்ச் செலவு ஒரு லட்சம் என்றால் காப்பீடு நீங்கலாக 1,30,000 ரூபாய். மளிகைக் கடைக்காரர்கள் அந்தப் பத்து சதவீதத்தைக் கவனிக்க வேண்டும். விவசாயி அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்து நம் கடைப் பாக்கியைக் கட்டுவது திருட்டுத்தனம் அல்ல. அதற்கும் சேர்த்துத்தான் லிமிட் போட்டிருக்கிறார்கள்.

இப்போது வட்டிக்கு வருவோம். மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியத்தோடு வங்கிகள் 7 சதவீதம் வாங்குகின்றன. தவணைக்குள் கட்டினால் இன்னும் 3 சதவீதம் சலுகை. கையில் விழுவது 4 சதவீதம். தவணை தப்பினால் அந்த 3 சதவீதம் போய்விடும். அதற்குப் பின் ஓடும் நாட்களுக்கு வங்கியின் வழக்கமான வட்டிதான்.

காவிரிப் பாசனத்தில் குறுவையும் தாளடியும் வைக்கும் இரண்டு விவசாயிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒன்றரை லட்சம் லிமிட், இருவருக்கும் ஆண்டுச் செலவு அதே ஒன்றரை லட்சம். முதலாமவர் ஜூன் மாதம் முழுத் தொகையையும் எடுத்துவிடுகிறார், அடுத்த ஆண்டு மே கடைசியில் கட்டுகிறார். 7 சதவீதத்துக்கு 10,500 ரூபாய் வட்டி. சலுகை கிடைத்தால் 6,000.

இரண்டாமவர் ஜூன் 10ஆம் தேதி உழவுக்கும் விதைக்கும் நடவுக்கும் 40,000 எடுக்கிறார். ஜூலை 10ஆம் தேதி உரத்துக்கும் களையெடுப்புக்கும் 30,000. அக்டோபர் 10ஆம் தேதி நெல் விற்ற பணத்தில் 70,000ஐயும் கட்டிவிடுகிறார். நவம்பர் முதல் தேதி தாளடிக்கு 45,000, டிசம்பர் முதல் தேதி 35,000. மார்ச் முதல் தேதி 80,000ஐயும் அடைக்கிறார். நம் பேரேட்டுக் கணக்குப்படி போட்டால், 40,000 ரூபாய் ஒரு மாதம் நின்றதற்கு வட்டி 233. 70,000 மூன்று மாதம் நின்றதற்கு 1,225. 45,000க்கு ஒரு மாதம் 262 ரூபாய் 50 காசு. 80,000க்கு மூன்று மாதம் 1,400. மொத்தம் ஏறக்குறைய 3,120 ரூபாய். சலுகை சேர்ந்தால் 1,783 ரூபாய். வயலில் போட்ட பணம் இருவருக்கும் ஒன்றே. வட்டியில் மட்டும் 7 சதவீதக் கணக்கில் 7,000 ரூபாய்க்கு மேலும், சலுகைக் கணக்கில் 4,200 ரூபாய்க்கு மேலும் வித்தியாசம். இன்னொன்று: அவர் கணக்கில் எந்த நாளிலும் 80,000க்கு மேல் பாக்கி நிற்கவில்லை. நடுவில் மோட்டார் எரிந்துபோனாலும் எடுக்க 70,000 காத்திருந்தது. முதலாமவருக்கு அப்படி ஏதும் இல்லை. மோட்டார் எரிந்தால் அவர் வருவது நம்மிடம்தான்.

இவ்வளவு வெளிப்படையான கணக்கு ஏன் நடப்பதில்லை? விவசாயிக்குக் கணக்குத் தெரியாது என்று கடையில் உட்கார்ந்து பேசுவது நமக்குச் சுலபம். நாங்கள் கேட்ட அளவில் அவர் சொல்லும் காரணங்கள் அவ்வளவு அசட்டுத்தனமானவை அல்ல. "கட்டிவிட்டால் திரும்பக் கொடுப்பானா?" என்பது முதல் கேள்வி. பல கிளைகளில் நடுவில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கப் போனால், அடங்கல் கொண்டு வா, மேனேஜர் வரட்டும் என்று நடக்க விடுகிறார்கள். ஒருமுறை அப்படி நடந்தவர் மறுமுறை கட்டமாட்டார். இரண்டாவது, தள்ளுபடி. 2008இல் மத்திய அரசும், 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியையும் தள்ளுபடி செய்தபோது பாக்கி வைத்திருந்தவருக்குப் பலன் கிடைத்தது. முந்தின மாதம் கட்டி முடித்தவருக்கு ஒன்றும் இல்லை. அதைப் பார்த்தவர் சீக்கிரம் கட்டத் தயங்கினால் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? மூன்றாவது, எடுத்த பணத்தில் ஒரு பகுதி பழைய மாத வட்டிக் கடனை அடைக்கப் போயிருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24. அதை 7க்கு மாற்றியது நல்ல கணக்குதான். அப்படிப்பட்டவரைப் போய் வட்டி வீணாக்குகிறாய் என்று சொல்வது தவறு.

கூட்டுறவுச் சங்கத்துக் கடனையும் தனியாகச் சொல்ல வேண்டும. தமிழ்நாட்டில் அங்கே தவணைக்குள் கட்டிய பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை; மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அங்கே முன்கூட்டிக் கட்டி மிச்சம் பிடிக்க எதுவும் கிடையாது. தவணைத் தேதியைத் தப்பவிடாமல் இருப்பது ஒன்றே அங்கு காரியம். மேலே சொன்ன மிச்சமெல்லாம் வணிக வங்கிக் கணக்குக்குத்தான். அங்கேயும் பால் பணம், காய்கறிப் பணம் என்று வரும் சில்லறையை எல்லாம் ஓடிப்போய்க் கட்டச் சொல்வதில் அர்த்தமில்லை. 10,000 ரூபாயை ஒரு மாதம் முன்னால் கட்டினால் 7 சதவீதத்தில் மிச்சம் 58 ரூபாய், சலுகைக் கணக்கில் 33 ரூபாய். டவுன் பஸ்ஸும் அரைநாள் வேலையும் அதைத் தின்றுவிடும். நெல் பணம், கரும்புப் பணம், பருத்திப் பணம் என்று மொத்தமாக வரும்போதுதான் காரியம் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பணம் சேமிப்புக் கணக்கில் வந்து விழுகிறது. பெரிய வங்கிகள் பலவற்றில் சேமிப்புக்கு 3 சதவீதம் கூடக் கொடுப்பதில்லை. அதே வங்கியில் 7க்கு பாக்கி ஓடிக்கொண்டிருக்க, பணம் பக்கத்துக் கணக்கில் மாதக்கணக்கில் தூங்குகிறது.

இனி நம்மைப் பற்றி. மே, ஜூன் மாதங்களில் விவசாயி நம்மிடம் வந்து, "ரெண்டே நாள் அண்ணாச்சி, லோன் புதுப்பிக்கணும்" என்று ஒன்றரை லட்சம் கேட்பது எல்லாருக்கும் பழக்கம். நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுக்கிறவர்களும் நம்மில் உண்டு. அவர் காலையில் கட்டுகிறார், மறுநாள் புதுக்கடனாக எடுத்து வந்து நம்மிடம் கொடுக்கிறார். வங்கிப் புத்தகத்தில் கடன் வசூலானதாக இருக்கும். விவசாயிக்கோ வட்டி போக அந்த இரண்டு நாளுக்கு மட்டும் 1,500 ரூபாய் போயிருக்கும். பாஸ்புத்தகத்தைப் புரட்டினால் இது பளிச்சென்று தெரியும்: ஆண்டுக்கு ஒரு வரவு, மறுநாளே அதே அளவுக்கு ஒரு பற்று, வேறு ஒரு பதிவும் இல்லை. நமக்குத் தெரிந்த ஒரு உரக்கடைக்காரர் இப்படிக் கொடுத்த பணம் இரண்டு நாளில் வரவில்லை. புதுப்பிக்கும் பத்திரத்தில் பட்டா பெயர் பொருந்தவில்லை என்று கிளையில் நிறுத்திவிட்டார்கள். 23 நாள் ஆயிற்று. அதற்குள் அவருடைய சொந்த சி.சி. கணக்கு லிமிட்டைத் தாண்டி, கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தது. விவசாயியின் கணக்கு சுழலாமல் நின்றால் அந்தச் சுமை எங்கே வந்து இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே நாங்கள் சொல்வது இரண்டு. உரமும் விதையும் விற்கும் உறுப்பினர்கள் ரொக்க விலையையும் கடன் விலையையும் பில்லிலேயே தனித்தனியாகக் காட்டட்டும். நாம் மாதத்துக்கு எவ்வளவு ஏற்றுகிறோம் என்று தெரிந்தால், கார்டில் எடுத்து ரொக்கமாக வாங்குவதா என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்வார். கடன் விற்பனை குறைந்தால் நமக்கு நஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். ஆறு மாதம் முடங்கும் பணத்துக்கு நாம் நம் வங்கிக்குக் கட்டும் வட்டியையும், வராத பாக்கியையும் கழித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

மற்றது, கிளை மேலாளர்கள் நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும்போது எப்போதும் நம் லிமிட்டைப் பற்றியே கேட்கிறோம். அடுத்த முறை வரும்போது, லிமிட் நடப்பில் இருக்கும் விவசாயி அக்டோபரில் கட்டிய பணத்தை நவம்பரில் புதுக் காகிதம் எதுவும் இல்லாமல் எடுக்க முடியுமா, முடியாதா என்று நேராகக் கேட்போம். முடியும் என்று சொல்லும் கிளையின் பெயரை நம் கடைப் பலகையில் எழுதி வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.