உங்கள் செலவா, எங்கள் செலவா?

மின்னஞ்சல் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் படியெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, இதை எழுதியவர் ஒரு மின்னஞ்சலையாவது முழுதாகப் படியெடுத்திருப்பாரா என்ற சந்தேகம் வந்தது. அவர் வாதம் சுருக்கமாக இதுதான்: படத்தில் உள்ள சொற்களை மேலிருந்து கீழே வரிசையாகத் தட்டச்சு செய்தால் போதும். யார் எழுதியது, எது மேற்கோள், எது பதில் என்று குறிபோடுவதெல்லாம் படியெடுப்பவரின் அதிகப்பிரசங்கித்தனம். உள்ளதை உள்ளபடி கொடு, மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

'உள்ளதை உள்ளபடி' என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் படத்தில் சொற்கள் மட்டுமா இருக்கின்றன? மேற்கோளின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் சாம்பல் கோடு இருக்கிறது. மேற்கோளுக்குள் இன்னொரு மேற்கோள் வந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடு நிற்கிறது, வரி இன்னும் உள்ளே தள்ளிப்போகிறது. சில நிரல்களில் கோட்டுக்குப் பதில் நிறம் மாறுகிறது. இவையும் 'உள்ளவை' தானே? கோட்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதை உள்ளபடி என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பேச்சாக வேண்டாம், ஒரு மடலையே எடுத்துக்கொள்வோம். நான் இதற்கென்று கட்டிய உதாரணம்தான், ஆனால் இந்த அமைப்பு தினமும் கண்ணில் படுவது. ஒரு பதிப்பகமும் ஓர் அச்சகமும் பேரம் பேசுகின்றன. திங்கட்கிழமை அச்சகம் விலை சொல்கிறது. செவ்வாய்க்கிழமை பதிப்பகம் அந்த மடலின் வரிகளுக்கு நடுவே புகுந்து பதில் எழுதுகிறது. புதன்கிழமை அச்சகம் மேலே ஒரே வரி எழுதி அனுப்புகிறது. அந்த மூன்றாவது மடலின் ஸ்கிரீன்ஷாட்தான் நம் கையில் இருக்கிறது. கட்டுரையாளர் முறைப்படி படியெடுத்தால் உடல்பகுதி இப்படி வரும்:

```
சரி, அப்படியே செய்கிறோம்.
On Tue, Mar 4, 2025 at 6:20 PM பதிப்பகம் wrote:
On Mon, Mar 3, 2025 at 11:05 AM அச்சகம் wrote:
காகிதம் எங்கள் செலவு. லாரி வாடகை உங்கள் செலவு.
லாரி வாடகையும் உங்கள் செலவிலேயே இருக்கட்டும்.
500 பிரதி, ஒன்றுக்கு 92 ரூபாய்.
```

இப்போது சொல்லுங்கள், லாரி வாடகை யார் தலையில்? 'அச்சகம் wrote' என்ற வரிக்குக் கீழே எல்லாம் அச்சகம் பேசுவதாகத்தான் எவரும் படிப்பார்கள். வாடகை பதிப்பகத்தின் செலவு என்று அச்சகம் சொல்லி, அடுத்த வரியில் அதையே இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருப்பதாகத் தெரிகிறது. அந்த 'லாரி வாடகையும்' என்பதில் உள்ள 'உம்' கொஞ்சம் உறுத்தும். உறுத்தினால் என்ன, கடிதத்தில் யார் இலக்கணம் பார்க்கிறார்கள் என்று கடந்துவிடுவோம்.

அதே மடல், கோடுகளுக்குப் பதில் குறிகளோடு:

```
சரி, அப்படியே செய்கிறோம்.
On Tue, Mar 4, 2025 at 6:20 PM பதிப்பகம் wrote:
> On Mon, Mar 3, 2025 at 11:05 AM அச்சகம் wrote:
>> காகிதம் எங்கள் செலவு. லாரி வாடகை உங்கள் செலவு.
> லாரி வாடகையும் உங்கள் செலவிலேயே இருக்கட்டும்.
>> 500 பிரதி, ஒன்றுக்கு 92 ரூபாய்.
```

இரண்டு குறி உள்ள வரி அச்சகத்தினுடையது, ஒரு குறி உள்ள வரி பதிப்பகத்தினுடையது, குறி இல்லாதது அச்சகத்தின் கடைசிப் பதில். பதிப்பகம் 'வாடகையையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று கேட்கிறது, அச்சகம் 'சரி' என்கிறது. செலவு கைமாறிவிட்டது! ஒரு சொல்கூட மாறவில்லை. போனது குறி மட்டும்தான். 'உங்கள்' என்ற சொல்லுக்குப் பொருள் பேசுபவரைப் பொறுத்தது. பேசுபவர் யார் என்பதைச் சொன்னது அந்தக் கோடு. கோட்டை அழித்தவர் ஒப்பந்தத்தையே திருத்திவிட்டார். 'எதையும் சேர்க்கமாட்டேன்' என்று சத்தியம் செய்பவர், எதைக் கழித்தேன் என்று ஒருமுறை யோசித்திருக்கலாம்.

இதற்கு அவர் முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருக்கிறார். 'wrote' என்று முடியும் வரிகள்தான் இருக்கின்றனவே, அவற்றை வைத்து வாசகர் புரிந்துகொள்வார் என்கிறார். அவர் கட்டுரையில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். அந்த வரி ஒரு மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். எங்கே முடிகிறது என்று ஒருநாளும் சொல்லாது. பதிலை மேலே எழுதி, பழையதையெல்லாம் கீழே தொங்கவிடும் மடலில் இது தொல்லை இல்லை. வரிக்கு வரி நடுவே பதில் எழுதும் மடலில் மேற்கோள் பத்து இடத்தில் முடிந்து பத்து இடத்தில் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு திரும்புதலுக்கும் 'wrote' வரி கிடையாது. கோடு மட்டும்தான் உண்டு.

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. 'பதிப்பகம் wrote' என்ற வரியை எழுதியது பதிப்பகம் இல்லை. அச்சகம் பதில் எழுதத் தொடங்கியபோது அச்சகத்தின் மின்னஞ்சல் நிரல் போட்ட வரி அது. அதனால்தான் அந்த வரி, தான் அறிமுகம் செய்யும் மேற்கோளைவிட ஒரு படி வெளியே நிற்கிறது. மேலே இருக்கும் உதாரணத்தில் பாருங்கள், செவ்வாய்க்கிழமை வரிக்குக் குறியே இல்லை, திங்கட்கிழமை வரிக்கு ஒரே குறி. படியெடுக்கும்போது பலர் வழுக்கும் இடம் இது. 'wrote' வரியையும் மேற்கோளோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுவார்கள், அடுத்த நிலையின் கணக்கு முழுக்கப் பிசகிவிடும்.

இந்தக் குறியை 'புதுமோகம்' என்று வேறு கேலி செய்திருக்கிறார். வரியின் தொடக்கத்தில் எத்தனை > இருக்கிறதோ அத்தனை ஆழம் என்பது 2004 இல் வெளியான RFC 3676 என்ற இணைய ஆவணத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எழுத்து வடிவ மின்னஞ்சலில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே வழக்கத்தில் இருப்பது. திரையில் நாம் பார்க்கும் சாம்பல் கோடு அதன் அலங்கார வடிவம். கோட்டைக் குறியாக எழுதுகிறவர் புதிதாக எதையும் திணிக்கவில்லை, பழைய உருவத்துக்குத் திருப்பிக்கொண்டு போகிறார்.

அடுத்து தேதி. இங்கேதான் அவர் தன் கொள்கையைத் தானே காலில் போட்டு மிதிக்கிறார். சொற்களில் கைவைக்காதே என்று நான்கு பத்தி உபதேசம் செய்தவர், தேதிகளை மட்டும் 'வாசகர் வசதிக்காக' ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார். படத்தில் 03/04/2025 என்று இருக்கிறது. இது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், அமெரிக்க முறையில் மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். எதை எழுதுவார்? 'Mar 5' என்று ஆண்டில்லாமல் இருந்தால் எந்த ஆண்டைப் போடுவார்? '3 days ago' என்று இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்த நாள் தெரியாமல் எப்படிக் கணக்கிடுவார்? கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள். கணக்கிட முடிந்தால் சதுர அடைப்புக்குள், 'கணக்கிட்டது' என்று சொல்லி எழுதுங்கள். நேரமும் அப்படித்தான். மேலே தெரியும் நேரம் பொதுவாகப் படம் எடுத்தவரின் ஊர் நேரம், மேற்கோள் வரியில் உள்ள நேரம் பெரும்பாலும் பதில் எழுதியவரின் ஊர் நேரம். சென்னையும் லண்டனும் கடிதம் எழுதிக்கொண்டால், கேள்விக்கு முன்பே பதில் போனதுபோலத் தெரியலாம். அது முரண் அல்ல. அதைச் 'சரிசெய்ய' முனைவதுதான் தவறு.

அனுப்புநர் பெயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கைப்பேசித் திரையில் பெரும்பாலும் பெயர் மட்டும் தெரியும், முகவரி மறைந்திருக்கும். பெறுநர் இடத்தில் 'to me' என்றிருக்கும். அந்த 'me' யார் என்று படியெடுப்பவருக்குத் தெரிந்திருந்தாலும் 'to me' என்றே எழுத வேண்டும். முகவரிக்கு நேரே 'படத்தில் இல்லை' என்று எழுதினால் போதும். பொருள் வரி பெரும்பாலும் உச்சியில் ஒருமுறைதான் தெரியும். அதை உள்ளே இருக்கும் ஒவ்வொரு மடலுக்கும் பிரதியெடுத்துப் போடுவது கூடாது, தொடரின் நடுவே பொருள் மாறியிருக்கலாம். அவுட்லுக் பாணியில் மட்டும் ஒவ்வொரு பழைய மடலுக்கும் From, Sent, To, Subject என்று தனித் தலைப்பு வரும். அங்கே பக்கக் கோடு இல்லாமலே போகலாம், நடுவே எழுதிய பதில் சிவப்பிலோ நீலத்திலோ இருக்கும். 'என் பதில்கள் சிவப்பில்' என்று மேலே எழுதியிருக்க, கீழே எல்லாவற்றையும் கறுப்பில் கொட்டி வைக்கும் படியை நினைத்துப்பாருங்கள். அங்கே ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் [சிவப்பு] என்று போட்டே ஆகவேண்டும்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் தள்ளமாட்டேன். பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானில் கேட்கும்போது, > குறியை அது வரிக்கு வரி 'கிரேட்டர், கிரேட்டர்' என்று உச்சரித்தால் எரிச்சல்தான். ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பாருங்கள்: ஆகவே குறியே வேண்டாம்! கோட்டைப் பார்க்க முடியாத ஒருவருக்குத்தான் நிலை எதுவென்று சொல்வது எல்லோரையும்விட அவசியம். குறி இடைஞ்சல் என்றால் சொல்லால் சொல்லுங்கள்: 'நிலை 2, அச்சகம், தொடக்கம்' என்று ஒரு வரி, 'நிலை 2 முடிவு' என்று ஒரு வரி. காதுக்கு உறுத்தாது, ஆளும் மாறாது. ஒரே ஒரு மடல், மேற்கோளே இல்லை என்றால் இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் மனதில் வைத்து எழுதியது அந்த மாதிரி மடலை மட்டும்தான் போலிருக்கிறது.

எல்லாப் படத்திலும் நிலை தெளிவாகத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. நான்கைந்து அடுக்கு போனபின் கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். மூன்று புள்ளிப் பொத்தானுக்குள் பழைய மடல் மடங்கிக் கிடக்கும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் கோட்டை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் l என்றோ | என்றோ உதிர்த்துவிட்டுப் போகும். வரித் தொடக்கத்தில் சம்பந்தமில்லாமல் இப்படி ஓர் எழுத்து நின்றால், அங்கே ஒரு கோடு இருந்தது என்று புரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். பார்த்தும் விளங்காவிட்டால் [நிலை தெளிவில்லை] என்றும், மூன்று புள்ளி இருந்தால் [மறைந்த பகுதி உண்டு] என்றும் எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் படியெடுப்பில் அடக்கம். கட்டுரையாளர் முறையிலோ தெரிந்த இடமும் தெரியாத இடமும் ஒரே மட்டமாகிவிடுகின்றன.

அவர் கட்டுரை முழுவதிலும் ஓர் உதாரண மடல்கூட இல்லை. மறுப்பு எழுதுவதாக இருந்தால், நடுவரிப் பதில்களோடு மூன்று அடுக்குள்ள ஒரு மடலைத் தன் முறைப்படி படியெடுத்து இந்த இதழிலேயே அச்சிடட்டும். மூலப்படத்தை ஆசிரியரிடம் மூடிவைத்துக் கொடுக்கட்டும். எந்த வரி யாருடையது என்று வாசகர்கள் எழுதி அனுப்பட்டும். பாதிப் பேர் சரியாகச் சொன்னாலும் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.