கோரிக்கை மனு: கண்காணிப்புக் கருவியும் டேஷ் கேமராவும் பொருத்திய வாடகை வாகனங்களுக்குப் பிரீமியச் சலுகையும் இழப்பீட்டில் உரிய மதிப்பும் வழங்கக் கோருதல்

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சுற்றுலா கார், வேன் உரிமையாளர்கள் சங்கம்,
தமிழ்நாடு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஐதராபாத்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வாகனக் காப்பீடு – திருட்டுத் தடுப்புக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, டேஷ் கேமரா – பிரீமியத் தள்ளுபடியும் இழப்பீட்டு நடைமுறையும் சீர்செய்யக் கோருதல் – தொடர்பாக.

எங்கள் சங்க உறுப்பினர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி, தாங்களே ஓட்டிப் பிழைப்பவர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 125எச் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியது. அதன்படி எங்கள் செலவில் அவற்றைப் பொருத்தியுள்ளோம். விபத்து நேர்ந்தால் உண்மையை நிறுவுவதற்காகப் பலர் டேஷ் கேமராவும் வைத்துள்ளனர். இவற்றால் பிரீமியம் குறையுமா, இழப்பீடு கிடைக்க உதவுமா என்று உறுப்பினர்கள் கேட்கும்போது எங்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. விதி ஒன்று சொல்கிறது, கவுண்டரில் வேறொன்று சொல்கிறார்கள், க்ளெய்ம் வரும்போது மூன்றாவதாக ஒன்று நடக்கிறது. இதைச் சீர்செய்யக் கோரியே இம்மனுவை அளிக்கிறோம்.

1. பிரீமியத்தில் இன்று கிடைப்பது

இந்திய மோட்டார் கட்டண விதிகள் 2002-இன்படி, திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்திய வாகனத்துக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (ஓ.டி.) 2.5 சதவீதம் தள்ளுபடி உண்டு. உச்சவரம்பு 500 ரூபாய். கருவி புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அதைப் பொருத்தியதற்குத் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற, விதியில் பெயர் சொல்லப்பட்ட சங்கம் ஒன்று சான்று தர வேண்டும். மூன்றாம் நபர் காப்புக்கான பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிப்பதால், எந்தக் கருவி பொருத்தினாலும் அதில் ஒரு ரூபாயும் குறையாது.

ஓ.டி. பிரீமியம் 12,400 ரூபாய் வரும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடி 310 ரூபாய். கருவியின் விலை, ஆண்டுதோறும் கட்டும் சிம் சந்தா, சான்றுக்காகச் சென்னைக்குச் சென்றுவரும் செலவு, அன்று ஓடாமல் போகும் வாடகை ஆகியவற்றின் பக்கத்தில் இந்த 310 ரூபாய் நிற்காது. 500 ரூபாய் என்ற உச்சவரம்பை எட்டவே ஓ.டி. பிரீமியம் 20,000 ரூபாய் ஆக வேண்டும். 2007 ஜனவரி முதல் ஓ.டி. பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றான பிறகு, இந்தத் தள்ளுபடி உண்டா இல்லையா என்பதே கிளைக்குக் கிளை மாறுகிறது.

இதில் இன்னொரு முரண்பாடும் உள்ளது. எங்கள் வண்டிகளில் உள்ள கருவி ஏ.ஐ.எஸ்.-140 தரத்தில் சோதித்து ஒப்புதல் பெற்றது. அதன் விவரம் வாகன் தளத்திலேயே பதிவாகிறது. அரசின் பதிவேட்டிலேயே இருக்கும் ஒன்றுக்குத் தனியாக ஒரு சங்கத்தின் சான்று எதற்கு? சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட வேறொரு சோதனை நிறுவனம் ஒப்புதல் தந்திருந்தால், “ஏ.ஆர்.ஏ.ஐ. இல்லை” என்று சொல்லித் தள்ளுபடியை மறுப்பதும் நடக்கிறது.

டேஷ் கேமராவுக்கு 2002 கட்டண விதிகளில் தள்ளுபடியே கிடையாது. மாறாக, கேமராவும் திருட்டில் காப்புப் பெற வேண்டுமென்றால் அதை மின்னணு உபகரணமாக அறிவித்து, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதே பழைய கட்டண விதி. 8,000 ரூபாய் கேமராவுக்கு அது 320 ரூபாய்.

2. தள்ளுபடியோடு வரும் நிபந்தனை

தள்ளுபடி பெற்றவரின் பாலிசியில் 10ஆம் எண் ஒப்புதல் வாசகம் சேர்க்கப்படுகிறது. பாலிசிக் காலம் முடியும்வரை அந்தக் கருவியை நல்ல செயல்நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று அது சொல்கிறது. சில நூறு ரூபாய்க்காக ஏற்கும் இந்த நிபந்தனை, க்ளெய்ம் நேரத்தில் பல லட்ச ரூபாயைப் பறிக்கும் காரணமாகிவிடுகிறது.

கடந்த ஆண்டு எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். வீட்டு வாசலில் நின்ற அவரது கார் இரவில் திருடுபோனது. காப்பீட்டு மதிப்பு 5,60,000 ரூபாய். அவர் பெற்றிருந்த தள்ளுபடி 310 ரூபாய். கருவியின் பதிவைப் பார்த்தால், இரவு 1.52 மணிக்கு வண்டியின் பேட்டரி இணைப்புத் துண்டிக்கப்பட்டதாக எச்சரிக்கை பதிவாகியுள்ளது. அதன் பிறகும் கருவி தன் உள் பேட்டரியில் 38 நிமிடம் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. புறவழிச்சாலை அருகே பதிவு நின்றுபோனது. காலையில் பார்த்தவுடன் அவர் காவல் நிலையம் சென்று முதல் தகவல் அறிக்கை பெற்றார். போலீசாருடன் தேடி அலைந்ததில், காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்றாம் நாள்தான் தகவல் தந்தார்.

நிறுவனம் மூன்று காரணம் சொல்லி மறுத்தது: தகவல் தாமதம், எச்சரிக்கை வந்தும் உரிமையாளர் செயல்படவில்லை, கருவி 38 நிமிடத்தில் நின்றதால் அது நல்ல செயல்நிலையில் இல்லை.

மூன்றும் நிற்காதவை. முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தகவல் தருவதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டுமே காட்டித் திருட்டு க்ளெய்மை மறுக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 24.01.2020 அன்று தீர்ப்பளித்தது. தாமதத்தை மட்டுமே காரணமாக்கி உண்மையான க்ளெய்ம்களை நிராகரிக்கக் கூடாது என்று தங்கள் ஆணையமும் 20.09.2011 அன்றே சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. நள்ளிரவில் தூங்குகிறவர் கைபேசி எச்சரிக்கையைப் பார்க்காததை அலட்சியம் என்று சொல்வது நியாயமாகாது. மூன்றாவது காரணம் உண்மைக்கு நேர்மாறானது. ஏ.ஐ.எஸ்.-140 தரப்படி உள் பேட்டரி 4 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதால், 38 நிமிடத்தில் அது தானாகத் தீர்ந்திருக்காது. கருவி பழுதாகியிருந்தால் 1.52 மணிக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்காது. வண்டி நகர்வதையும் பதிவு செய்திருக்காது. திருடன் கருவியைக் கழற்றி எறிந்ததால்தான் பதிவு நின்றது. கருவி தன் வேலையைச் செய்தது என்பதற்கான சான்றையே நிறுவனம் அதன் குறையாக எழுதிவிட்டது.

நிபந்தனை மீறல் உண்மையாகவே இருந்தாலும் முழு மறுப்பு முறையல்ல. ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்ற அசோக் குமார் வழக்கிலும்கூட 2023-இல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் தர உத்தரவிட்டது. அந்தக் கணக்கை வைத்தாலும் எங்கள் உறுப்பினருக்கு 4,20,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். அவருக்கு இதுவரை எதுவும் வரவில்லை. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது.

3. டேஷ் கேமரா பதிவுக்கு நேர்வது

விபத்தில் கேமரா பதிவு பெரிதும் உதவும். ஆனால் அது உரிய நேரத்தில், உரிய வடிவில் போய்ச் சேர வேண்டும். 32 ஜி.பி. மெமரி கார்டில் முழு எச்.டி. தரத்தில் ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பதிவுதான் இருக்கும். அதற்குப் பிறகு பழையதன் மேல் புதியது பதிவாகும். மோதலின்போது கேமரா தானாகப் பூட்டும் கோப்பு மட்டுமே தப்பும். மெல்லிய உரசலுக்கு அந்தப் பூட்டும் விழாது. சர்வேயர் மூன்றாம் நாள் வரும்போது, ஓடும் நிலையில் உள்ள வண்டியில் பதிவு அழிந்திருக்கும்.

பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது அடுத்த சிக்கல். அப்படி அனுப்பும்போது கோப்பு சுருங்கி மாறிவிடுகிறது. பாரதிய சாட்சிய அதிநியமம் 2023-இன் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கும்போது அதன் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்ட சான்றிதழும் வேண்டும். அதில் முதல் பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் கையொப்பமிட வேண்டும். வாட்ஸ்அப்பில் போன கோப்பின் ஹாஷ் மதிப்பு மூலக் கோப்போடு பொருந்தாது. பின்னர் வழக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ போனால், மூலப் பதிவும் இல்லை, நகலும் செல்லாது என்ற நிலை வருகிறது.

தவறு எதிர் வண்டியுடையது என்று பதிவு காட்டினாலும், நாங்கள் எங்கள் பாலிசியில் சொந்தச் சேதம் கேட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுகிறது. 50 சதவீதம் வரை எட்டக்கூடிய அந்தப் போனஸை வருடக்கணக்கில் காத்துவந்தவருக்கு, கேமரா வைத்திருந்தும் பலன் இல்லை.

பதிவு எங்கள் ஓட்டுநரின் தவறைக் காட்டினால் அதையும் மறைக்காமல் ஒப்படைக்க எங்கள் சங்கம் உறுதியளிக்கிறது. எங்களுக்கு எதிராகப் பதிவு செல்லும் என்றால், எங்களுக்குச் சாதகமாகவும் அது செல்ல வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

4. கோரிக்கைகள்

(அ) விதி 125எச்-இன்படி பொருத்தி வாகன் தளத்தில் பதிவான கருவிக்கு வேறு எந்தச் சான்றும் கேட்காமல் ஓ.டி. தள்ளுபடி வழங்க உத்தரவிட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தள்ளுபடி எவ்வளவு என்பதைப் பிரீமிய விவரத்தாளில் தனி வரியாகக் காட்ட வேண்டும். 2002-இல் வைத்த 500 ரூபாய் உச்சவரம்பை நீக்க வேண்டும். ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் வைத்துப் பிரீமியம் கணக்கிடும் இணைப்புக் காப்புகளை ஆணையம் 2022 ஜூலையிலேயே அனுமதித்துள்ளது. அதே கருவிப் பதிவை வாடகை வாகனங்களுக்கும் கணக்கில் எடுப்பது புதிய கொள்கை ஆகாது.

(ஆ) 10ஆம் எண் ஒப்புதல் வாசகத்தைத் திருத்த வேண்டும். சந்தா முடிந்திருந்தாலோ கருவி பழுதாகியிருந்தாலோ, அந்தக் குறைதான் திருட்டுக்குக் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தாலொழிய இழப்பீட்டில் கை வைக்கக் கூடாது. நிரூபிக்காத நிலையில், அளித்த தள்ளுபடித் தொகையை மட்டும் கழித்துக்கொள்ளலாம். திருடன் கருவியைக் கழற்றியதைச் செயல்நிலைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

(இ) திருட்டு க்ளெய்மில், சம்பவ நேரத்துக்கும் இடத்துக்கும் கருவியின் பதிவை முதன்மைச் சான்றாக ஏற்க வேண்டும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவைக் கருவி நிறுவனத்திடமிருந்து சான்றிதழோடு கேட்டுப் பெறும் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனத்துக்கே தர வேண்டும். அச்சிட்ட தாள் ஒன்றைத் தவிர வேறெதையும் பெற உரிமையாளரால் முடிவதில்லை.

(ஈ) விபத்து க்ளெய்மில், தகவல் தந்த அன்றே மூலக் கோப்பைப் பதிவேற்ற ஒவ்வொரு நிறுவனமும் வழி செய்து, ஹாஷ் மதிப்புடன் ஒப்புகை தர வேண்டும். சர்வேயர் பதிவைப் பார்த்தாரா, ஏற்றாரா, ஏற்காவிடில் ஏன் என்பதைத் தம் அறிக்கையில் எழுத வேண்டும். எதிர் வண்டியின் தவறு பதிவால் தெளிவானால் நோ க்ளெய்ம் போனஸைக் குறைக்கக் கூடாது. தான் செலுத்திய தொகையை எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் எங்கள் நிறுவனம் வசூலித்துக்கொள்ளட்டும்.

மேற்கண்ட உறுப்பினரின் பாலிசி, மறுப்புக் கடிதம், கருவிப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம். அவரது க்ளெய்மை மறுபரிசீலனை செய்ய உரிய அலுவலருக்கு உத்தரவிடுமாறும், மற்ற கோரிக்கைகள் குறித்து எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசுமாறும், 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் | செயலாளர் | பொருளாளர்

இடம்:
நாள்:

இணைப்பு: மேலே குறிப்பிட்டபடி.

நகல்:
1. போக்குவரத்து ஆணையர், தமிழ்நாடு அரசு, சென்னை.
2. பொதுக் காப்பீட்டுக் கவுன்சில், மும்பை.