பாட்டிக்குப் போகும் பிரெஞ்சு அஞ்சலட்டை

பிரெஞ்சு கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே எழுதிப் பழகும் ஒன்று, விடுமுறைக்குப் போன ஊரிலிருந்து தாத்தா பாட்டிக்கு ஓர் அஞ்சலட்டை. தெல்ஃப் தேர்வின் முதல் படியான ஏ1-இல் இது போன்ற சிறு செய்தியை 40 சொற்களுக்குக் குறையாமல் எழுதச் சொல்வார்கள். நம் வகுப்புகளில் இதற்கென ஒரு மாதிரி விடையை உருப்போட வைக்கிறோம். வெயில் இதமாக இருக்கிறது, கடல் அழகாக இருக்கிறது, சாப்பாடு ருசியாக இருக்கிறது என்று எல்லாமே நிகழ்காலம். பிழை இருக்காது, மதிப்பெண்ணும் விழும். ஆனால், விடுமுறையில் என்னதான் நடந்தது என்று அதைப் படிக்கும் பாட்டிக்குத் தெரியவராது.

உண்மையான அட்டை எப்படி இருக்கும்? லியோனைச் சேர்ந்த ஒரு சிறுமி ஜூலையில் பிரிட்டனி கரையிலுள்ள சேன் மாலோவுக்குப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஊரும் தேதியும். பிறகு, 'இங்கே வெயில் அடிக்கிறது, தண்ணீர்தான் சில்லென்று இருக்கிறது' என்று நிகழ்காலத்தில் ஒரு வரி. அடுத்தது நேற்றைய கதை: 'கடல் வற்றிய நேரத்தில் கிரான் பே தீவுக்கு நடந்தே போனோம். ஷத்தோப்ரியானின் கல்லறையைப் பார்த்தோம். காற்று பலமாக வீசியது.' கடைசியில், 'நாளைக்கு மோன் சேன் மிஷேல் போகப்போகிறோம்.' பிரெஞ்சுக்காரர்கள் அன்றாடப் பேச்சில் சொல்வது போலவே, 'போ' என்ற வினையைத் துணைக்கு வைத்துச் சொல்லும் எதிர்காலம் இதற்குப் போதும்.

சிக்கல் நேற்றைய கதையில்தான். போனோம், பார்த்தோம், வீசியது: தமிழில் மூன்றும் ஒரே இறந்தகாலம். பிரெஞ்சில் முதல் இரண்டும் பாஸே கொம்போஸே. காற்று மட்டும் எம்பர்ஃபே. 'பிறகு என்ன நடந்தது?' என்று கேட்டால் பதிலாக வருவது முதல் வகை. 'அப்போது எப்படி இருந்தது?' என்பதற்குப் பதிலாக வருவது இரண்டாவது வகை. காற்றையும் பாஸே கொம்போஸேயில் எழுதினால் இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவில் திடீரெனக் காற்று கிளம்பியது போல ஆகிவிடும்.

அதே இடத்தில் இன்னொரு வாக்கியம். சேன் மாலோவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 13 மீட்டர் வரை போகும். தண்ணீர் ஏறினால் கிரான் பேக்குப் போகும் பாதை மூழ்கிவிடும். நாங்கள் திரும்பும்போது 'லா மேர் மோந்தே' என்று எம்பர்ஃபேயில் எழுதினால், கடல் ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள் வந்துவிட்டோம் என்று பொருள். 'லா மேர் ஏ மோந்தே' என்று எழுதினால் கடல் ஏறிவிட்டது. அட்டையைப் படிக்கும் பாட்டி, பிள்ளைகள் தீவில் மாட்டிக்கொண்டார்களோ என்று பதறக்கூடும். காதுக்கு வேறுபாடு ஓர் அசைதான்.

காதில் விழாத வேறுபாடும் உண்டு. 'நான் போனேன்' என்பதைச் சிறுவன் எழுதினாலும் சிறுமி எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றே. ஆனால், சிறுமி எழுதும்போது வினையின் இறுதியில் ஓர் எழுத்து கூடும். பேசும்போது யாரும் கண்டுபிடிக்க முடியாத இந்தப் பிழை அட்டையில் பளிச்சென்று தெரியும். இதில் பிரெஞ்சுக் குழந்தைகளும் தடுமாறுகிறார்கள் என்பது நம் மாணவர்களுக்கு ஓர் ஆறுதல்.

பெரியவர்களை எப்படி விளிப்பது என்பதிலும் நம் பழக்கம் குறுக்கே வரும். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து எழுதினால் 'வூ' சரி. இருவர் என்பதால் பன்மை. நம் பிள்ளைகள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, பாட்டிக்கு மட்டும் எழுதும்போதும் 'வூ' போடுகிறார்கள். இன்று பெரும்பாலான பிரெஞ்சு வீடுகளில் பாட்டியைப் பேரக் குழந்தைகள் 'த்யூ' என்றுதான் அழைப்பார்கள். 'வூ' என்றால் ஏதோ கோபம் என்று நினைக்கலாம். முடிவிலும் 'குரோ பிஸூ', அதாவது பெரிய முத்தங்கள், என்று போட வேண்டும். அலுவலகக் கடிதத்தின் வணக்கம் அங்கே ஒட்டாது.

இவ்வளவையும் அட்டையின் இடது பாதிக்குள் எழுத வேண்டும். வலது பாதி முகவரிக்கும் அஞ்சல்தலைக்கும். நிகழ்காலம், நடந்தது, இருந்த நிலை, நாளை என நான்கு விதமாகச் சொல்வதற்கு ஆறேழு வாக்கியங்கள் போதும். விடைத்தாள் திருத்தும் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முழுக்க நிகழ்காலத்தில் பிழையில்லாமல் எழுதிய அட்டைக்கு முழு மதிப்பெண் போடாதீர்கள். காற்றை எம்பர்ஃபேயில் எழுதிவிட்டு வேறெங்கோ ஓர் எழுத்தைத் தவறவிட்ட பிள்ளைக்குக் கூடுதலாகப் போடுங்கள்.

- கட்டுரையாளர், பிரெஞ்சு மொழி ஆசிரியர்